கல்லூரித் திரையிடலுக்கு முன் அரங்கைச் சோதித்தல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கல்லூரிகளில் திரைப்படம் போடுவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் திரையரங்கு அன்று. சொற்பொழிவுக்காகக் கட்டப்பட்ட, தரை சமமான, பிளாஸ்டிக் நாற்காலி போடும் செமினார் ஹால்தான். அங்குள்ள புரொஜெக்டர் ஸ்லைடு காட்டுவதற்கும், ஸ்பீக்கர்கள் முதல்வர் பேசுவதற்கும் பொருத்தப்பட்டவை. ஆகவே கருவிகள் ‘வேலை செய்கின்றனவா’ என்று மட்டும் பார்த்துவிட்டு வருவது போதாது. கடைசி வரிசையின் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து, அடிவரி சப்டைட்டிலைச் சிரமமின்றிப் படிக்க முடிகிறதா, வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. பிறமொழிப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலுடன் காட்டும்போது, அந்த அடிவரி தெரியாத பார்வையாளருக்குப் படமே இல்லை என்றுதான் பொருள்.

இந்தக் கட்டுரையில் ஒரே அரங்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தரை சமம். திரை 10 அடி அகலம், ஆறேகால் அடி உயரம். அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கிறது. புரொஜெக்டர் 1280 × 800 பிக்சல் கொண்டது. பெட்டியில் 4000 லூமென் என்று அச்சிட்டிருக்கிறது. கடைசி வரிசை திரையிலிருந்து 40 அடி தூரத்தில் உள்ளது. உங்கள் அரங்கின் அளவுகள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

சோதனையைத் திரையிடல் தொடங்கும் அதே நேரத்தில், முந்தைய நாள் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் பார்த்தால் வெளிச்சம் பற்றியும், இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் ஆறு மணி வெயில் பற்றியும் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். போடப்போகும் அதே கோப்பு, அதே மடிக்கணினி, அதே கேபிள் ஆகியவற்றுடன் ஓர் அளவு நாடாவும், முன்வரிசைகளில் உட்கார நான்கைந்து நண்பர்களும் வேண்டும்.

அறிகுறி: படம் தெரிகிறது, சப்டைட்டிலின் கீழ்வரியை முன்னால் இருப்பவரின் தலை மறைக்கிறது

சமதரை அரங்கில் முதலில் எழும் புகார் இதுவே. வெற்று அரங்கில் சோதிப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. கடைசி வரிசையில் நீங்கள் அமர்ந்து, உங்களுக்கு நேர் முன்னால் ஒருவரையும், அதற்கும் முந்தைய வரிசையில் ஒருவரையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

காரணம் எளிய வடிவகணிதம். அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். முன்னால் இருப்பவரின் உச்சந்தலை உங்கள் கண்மட்டத்தைவிட ஏறத்தாழ நாலரை அங்குலம் உயரம். வரிசைகளுக்கிடையே 3 அடி இடைவெளி என்றால், அவருடைய தலைக்கு மேலாகச் செல்லும் உங்கள் பார்வைக்கோடு ஒவ்வொரு 3 அடிக்கும் நாலரை அங்குலம் உயர்ந்துகொண்டே போகும். 40 அடி தாண்டித் திரையைத் தொடும்போது அது 60 அங்குலம், அதாவது 5 அடி ஏறியிருக்கும். கண்மட்டத்தின் 4 அடியையும் கூட்டினால், திரையில் 9 அடி உயரத்துக்குக் கீழே இருப்பவை எல்லாம் அந்தத் தலைக்குப் பின்னால் போய்விடும். நம் திரையின் உச்சி பத்தே முக்கால் அடிதான் என்பதால், கடைசி வரிசைக்கு மிஞ்சுவது திரையின் மேற்பகுதி மட்டுமே.

இதற்கு முதல் தீர்வு நாற்காலிகளை ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக அரை நாற்காலி அகலம் தள்ளிப் போடுவது. அப்படிப் போட்டால் உங்களுக்கு நேர் முன்வரிசையில் இரண்டு தோள்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும். நேராக மறைக்கும் தலை 6 அடி தூரத்துக்குப் போய்விடும். அப்போது பார்வைக்கோடு 40 அடியில் இரண்டரை அடி மட்டுமே உயரும்; மறைக்கும் எல்லை 9 அடியிலிருந்து ஆறரை அடிக்கு இறங்கும். காசு செலவில்லாத மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்று இல்லை. ஆனால் நாற்காலிகளை அடுக்கும் ஊழியர்கள் பழக்கத்தின்படி நேர்க்கோட்டில்தான் போடுவார்கள். முதல் இரண்டு வரிசைகளை நீங்களே போட்டுக் காட்டிவிட்டால் மற்றவை தாமாக ஒழுங்காகும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனால் ஒழுங்காகாது.

இப்போது சப்டைட்டில் எந்த உயரத்தில் விழுகிறது என்று பாருங்கள். பல படங்கள் 2.39க்கு 1 என்ற அகன்ற வடிவத்தில் எடுக்கப்பட்டவை. 10 அடி அகலத்துக்கு அந்தப் படத்தின் உயரம் சுமார் 4.2 அடிதான், மீதி இரண்டடி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கறுப்புப் பட்டைகளாகிவிடும். பிளேயர் தன்னியல்பாகச் சப்டைட்டிலைக் கீழ்ப்பட்டையில் எழுதினால், அது தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கும். நம் எல்லை ஆறரை அடி. நாற்காலியைத் தள்ளிப் போட்டும் பின்வரிசையினர் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

திரையை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். கூரை இடம் கொடுக்காவிட்டால் படத்தைத் திரையின் மேல்விளிம்போடு ஒட்டவைத்து, இரண்டு கறுப்புப் பட்டைகளையும் கீழே ஒன்றாகச் சேர்த்துவிடலாம். mpv பிளேயரில் இதற்கு டெர்மினலில் ஒரே வரி போதும்:

```
mpv --fs --video-align-y=-1 --sub-pos=65 --sub-scale=1.3 film.mkv
```

முதல் அமைப்பு முழுத்திரையாக்கும். இரண்டாவது படத்தை மேலே ஏற்றும். மூன்றாவது சப்டைட்டிலைத் திரை உயரத்தின் 65 விழுக்காட்டில், அதாவது படத்தின் கீழ்விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்தும். நான்காவது எழுத்தைப் பெரிதாக்கும். நம் அரங்கில் இப்படிச் செய்தால் படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஆறரை அடிக்கு வந்துவிடும். எழுத்துகள் அதற்குச் சற்று மேலே நிற்கும். ஓடும்போதே `r` விசையை அழுத்தினால் வரி இன்னும் மேலேறும் என்பதால், கடைசி வரிசையில் இருப்பவர் கையசைக்க, மடிக்கணினியில் இருப்பவர் சரிசெய்யலாம். வி.எல்.சி. பிளேயர்தான் பழக்கம் என்றால், Preferences பகுதியில் Subtitles / OSD பக்கத்தில் உள்ள Force subtitle position என்ற பெட்டியில் பிக்சல் எண்ணிக்கையைக் கொடுத்து வரியை உயர்த்தலாம்.

முன்வரிசைக்கு எதிர்மாறான தொல்லை உண்டு. திரையின் மேல்விளிம்பைப் பார்க்கக் கழுத்தை 35 பாகைக்கு மேல் நிமிர்த்த வேண்டியிருந்தால் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. நம் அரங்கில் அந்த விளிம்பு கண்மட்டத்திலிருந்து ஆறே முக்கால் அடி உயரத்தில் இருப்பதால், முதல் வரிசை திரையிலிருந்து 10 அடிக்குள் வரக்கூடாது. விருந்தினர்களுக்கென்று மேடையை ஒட்டிப் போடும் சோபாக்களும் இந்தக் கணக்குக்கு உட்பட்டவையே. அவற்றில் சாய்ந்து உட்கார்பவர் பின்னால் இருப்பவருக்கு மறைப்பதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

அறிகுறி: வரி மறையவில்லை, ஆனால் படிக்க முடியவில்லை

இந்தப் புகாருக்குக் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

எழுத்து சிறியதாக இருப்பது முதல் காரணம். படத்தை ஒரு சப்டைட்டிலில் நிறுத்திவிட்டு, அளவு நாடாவுடன் திரையருகே போய், ‘ப’ அல்லது ‘ம’ போன்ற கொம்பும் கொக்கியும் இல்லாத ஓர் எழுத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். கடைசி வரிசையின் தூரத்தை 170ஆல் வகுத்தால் வரும் அளவாவது அந்த எழுத்து இருக்க வேண்டும். 40 அடி என்பது 480 அங்குலம். ஆக எழுத்து 2.8 அங்குலம், சற்றுத் தாராளமாக 3 அங்குலம். பிளேயரில் எழுத்தளவைக் கூட்டி இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தை இவ்வளவு பெரிதாக்கியதும் இரண்டு வரியில் இருந்த வசனம் மூன்றாவது வரிக்கு வழிந்து, நடிகரின் முகத்தில் ஏறிக்கொள்வது உண்டு. அந்நிலையில் மேலும் பெரிதாக்குவதைவிட, கடைசி இரண்டு வரிசைகளை எடுத்துவிட்டு அந்த நாற்காலிகளைப் பக்கவாட்டில் சேர்ப்பது நல்லது என்பது என் முடிவு. ஓரத்தில் இருந்து சாய்வாகப் பார்ப்பவர் குறைசொன்னாலும் படித்துவிடுவார்; தூரத்தில் இருப்பவர் படிக்கவே முடியாது.

இரண்டாவது, ஃபோகஸ். தமிழில் ஃபோகஸைச் சோதிக்க மிக நுட்பமான அடையாளம் ஒற்றெழுத்தின் மேலுள்ள புள்ளி. சற்றே மங்கினாலும் எழுத்தின் உடல் தெரியும். புள்ளி மட்டும் கரைந்துபோய், ‘பார்த்தான்’ என்பதில் ர, த, ன எல்லாம் மொட்டையாக நிற்கும். படிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் ஊகிக்க வேண்டியிருக்கும்; அதற்குள் வரி மறைந்துவிடும். ஆகவே படத்தின் காட்சியைப் பார்த்து ஃபோகஸ் செய்யாமல், நிறுத்திவைத்த சப்டைட்டிலில் உள்ள புள்ளியைப் பார்த்து லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கள். விளக்கு எரியத் தொடங்கி இருபது, முப்பது நிமிடத்தில் லென்ஸ் சூடேறி ஃபோகஸ் சற்று நகர்வது இயல்பு. புரொஜெக்டரை அரைமணி நேரம் ஓடவிட்டபின் வைத்த ஃபோகஸே நம்பத்தக்கது.

ஃபோகஸ் சரியாக இருந்தும் எழுத்தின் ஓரங்கள் பல்பல்லாக இருந்தால் கீஸ்டோன் திருத்தத்தைப் பாருங்கள். புரொஜெக்டர் திரைக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருக்கும்போது படம் ஒருபக்கம் அகன்று விழும். அதை மெனுவில் உள்ள கீஸ்டோன் கொண்டு நேராக்கினால், கருவி பிக்சல்களை நசுக்கியே அதைச் செய்கிறது. அந்தத் திருத்தத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, மேசையை நகர்த்தியோ, அடியில் புத்தகம் வைத்தோ, கூரையில் உள்ளதென்றால் தாங்கியின் திருகைத் தளர்த்தியோ உடலளவில் நேராக்குங்கள். மேல்விளிம்பில் ஓரிரு அங்குலம் கோணல் மிஞ்சினாலும் பொறுத்துக்கொள்ளலாம். அதை யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது, வெள்ளை மேல் வெள்ளை. பனி, வானம், வெள்ளைச் சுவர் வரும் காட்சியில் எழுத்து காணாமல் போகிறதா என்று பார்க்க, படத்தில் மிக வெளிச்சமான காட்சியைத் தேடிப் போய் நிறுத்துங்கள். எழுத்தின் கறுப்பு விளிம்பைத் தடிமனாக்குவது பெரும்பாலும் போதும். போதவில்லை என்றால் எழுத்துக்குப் பின்னால் அரைகுறைக் கறுப்புப் பட்டை வைக்கும் வசதி வி.எல்.சி.யிலேயே Add a background என்ற பெயரில் இருக்கிறது. அழகு குறையும் என்று திரைப்பட மன்றத்தில் யாராவது எதிர்ப்பார்கள். அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

நான்காவது, எழுத்தே தமிழாக வராமல் இருப்பது. வெறும் கட்டங்கள் வந்தால், பிளேயருக்குக் கொடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. விண்டோஸில் Nirmala UI, லினக்ஸில் Noto Sans Tamil என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஐரோப்பிய எழுத்துகளின் மேல் கொம்பும் கோடும் முளைத்த ‘à®’ போன்ற குப்பை வந்தால், கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது, பிளேயர் தவறாகப் படிக்கிறது. Default encoding என்பதை UTF-8 ஆக்குங்கள். ஆனால் சாதாரண ஆங்கில எழுத்துகள் பொருளின்றிக் கோர்த்து வந்தால், தட்டச்சு செய்தவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பொருள். அதை Default encoding அமைப்பை மாற்றித் திருத்த முடியாது. யூனிகோடு மாற்றியில் இட்டு, மாற்றிய கோப்பை மீண்டும் ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்க வேண்டும். மாற்றும்போது நேரக்குறிப்பு எண்களும் அம்புக்குறிகளும் சிதையாமல் இருக்க, வசனங்களை மட்டும் மாற்றுங்கள்.

அறிகுறி: படம் வெளுத்துத் தெரிகிறது, இருட்டுக் காட்சி சாம்பலாக இருக்கிறது

புரொஜெக்டர் பழசாகிவிட்டது என்று உடனே பழி போடுவது வழக்கம். குற்றவாளி பெரும்பாலும் சன்னல்தான். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. திரையில் ஏற்கெனவே விழுந்திருக்கும் வெளிச்சம்தான் அந்தப் படத்தின் கறுப்பு.

கணக்கைப் பாருங்கள். 4000 லூமென் என்பது புதிய விளக்கின், அதிகபட்ச ஒளியமைப்பின் கணக்கு. பயன்படுத்திய விளக்கு, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் எக்கோ நிலை, சினிமா நிறநிலை எல்லாம் சேர்ந்து பாதியாகிவிட்டது என்று கொள்வோம். 10 அடிக்கு ஆறேகால் அடித் திரையின் பரப்பு சுமார் 5.8 சதுர மீட்டர். 2000 லூமெனை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 345 லூமென், அதாவது 345 லக்ஸ். ஓரம் சரியாக மூடாத திரைச்சீலை வழியாகத் திரையில் 40 லக்ஸ் விழுகிறது என்றால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பத்துக்கு ஒன்றுகூட வராது. எக்கோவை அணைத்து ஒளியை நாற்பது விழுக்காடு கூட்டினால் அது 13க்கு ஒன்றாகும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகத் திரைச்சீலைகளைச் சரிசெய்து 40 லக்ஸை 10 ஆக்கினால், விளக்கைத் தொடாமலேயே 35க்கு ஒன்று. ஓடும் படத்துக்குத் துறையினர் வகுத்திருக்கும் அளவு 80க்கு 1. அதை எட்ட வெளி வெளிச்சம் 4 லக்ஸுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

லக்ஸ் அளக்கும் செயலி பல கைபேசிகளில் ஓடும். துல்லியம் குறைவானாலும் ஒப்பிடுவதற்குப் போதும். புரொஜெக்டரை அணைத்து, கைபேசியைத் திரையோடு ஒட்டி, அதன் முகப்பு அரங்கைப் பார்க்கும்படி பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு சன்னலாக மறைத்து எண் எங்கே விழுகிறது என்று பார்த்தால், எல்லாச் சன்னலும் குற்றவாளி அல்ல, திரைக்கு எதிரேயுள்ள ஒன்றோ இரண்டோதான் என்பது தெரிந்துவிடும். அவற்றுக்குக் கறுப்புச் சார்ட் தாளும் நாடாவும் போதும். சென்னையில் ஜூன் மாதம் சூரியன் மறைய மாலை ஆறரை மணி ஆகிவிடுகிறது. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மேற்குப் பார்த்த அரங்கானால், ஜூனில் திரையிடலை ஏழு மணிக்கு வைப்பது திரைச்சீலை வாங்குவதைவிட மலிவு. கதவுகளின் மேலுள்ள ‘வெளியே’ பலகை விளக்குகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்கவோ அணைக்கவோ கூடாது. அவை திரையில் சிறிது ஒளி சிந்தினால் சிந்தட்டும்.

படம் வெளுக்காமல் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால், பழைய வி.ஜி.ஏ. கேபிளின் பின் தளர்ந்திருக்கும்; அழுத்திச் செருகித் திருகை முடுக்குங்கள். சப்டைட்டிலும் ஒலியும் வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால், ஓடிடி செயலியின் நகல் தடுப்பு அந்த இணைப்பை ஏற்கவில்லை. அதற்குக் குறுக்குவழி தேட வேண்டாம். தனிநபர் சந்தா பொதுத் திரையிடலுக்கு உரிமம் ஆகாது என்பதால், அந்தப் படத்துக்கு முறையான அனுமதியும் கோப்பும் பெறுவதே வழி.

அறிகுறி: இசை கேட்கிறது, வசனம் காணாமல் போகிறது

கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், செமினார் ஹாலில் இது அடிக்கடி நடக்கிறது. ஒலியைக் கூட்டினால் இரைச்சல் கூடுமேயொழிய வசனம் வராது. காரணம் இரண்டில் ஒன்று. எது என்று கண்டுபிடிக்க, படத்தை நிறுத்திவிட்டு அதே மடிக்கணினியில் ஏதேனும் ஒரு சாதாரணத் திரைப்பாட்டைப் போடுங்கள்.

பாட்டிலும் பாடகரின் குரல் மறைந்து, வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் குற்றம் கேபிளில். மடிக்கணினியின் காது ஒலிப்பான் துளையிலிருந்து வருவது இடம், வலம் என்ற இரண்டு ஒலிகள். மிக்சரின் மைக் துளை எதிர்பார்ப்பதோ ஒரே ஒலியும் அதன் தலைகீழ் நகலும். இரண்டையும் கழித்து வரும் மிச்சத்தையே அது பெருக்கும், கேபிளில் ஏறும் இரைச்சலை நீக்குவதற்காக. இடமும் வலமும் சமமாகப் பதிவான குரல், ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்பட்டதும் பூஜ்ஜியமாகிவிடுகிறது; இரு பக்கமும் வேறுவேறாக உள்ள இசை மட்டும் மிஞ்சுகிறது. மிக்சரில் செருகியிருக்கும் கால் அங்குல பிளக்கின் தண்டைப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்து, அதன் மறுமுனை நேராக மடிக்கணினிக்குப் போனால் இதுதான் சிக்கல். ஒரு முனையில் சிறு ஸ்டீரியோ பிளக்கும், மறுமுனையில் ஒற்றை வளையம் கொண்ட இரண்டு மோனோ பிளக்குகளும் உள்ள கேபிளை வாங்கி, மிக்சரின் இரண்டு லைன் துளைகளில் செருகுங்கள். மைக்செட்காரரிடம் சொன்னால் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். கடைசி நிமிடத்தில் கேபிள் கிடைக்காவிட்டால், பிளக்கைப் பாதி செருகினால் குரல் வரும் என்று சிலர் செய்வார்கள். வரத்தான் செய்யும், யாராவது மேசையை இடித்ததும் போய்விடும்.

பாட்டு நன்றாகக் கேட்டு, படத்தின் வசனம் மட்டும் தேய்ந்து ஒலித்தால், கோப்பில் உள்ளது 5.1 ஒலி. அதில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கான தனித் தடத்தில் இருக்கும். அரங்கில் நடு ஸ்பீக்கர் கிடையாது. விண்டோஸின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு mpv வரியில் `--audio-channels=stereo` என்று சேர்த்தால், நடுத்தடம் இரு பக்கத்துக்கும் பகிரப்படும். கோப்பிலேயே தனி ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

ஒலி புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வருகிறது என்றால், எச்.டி.எம்.ஐ. கேபிள் செருகியதும் மடிக்கணினி ஒலியையும் அதன் வழியே அனுப்பத் தொடங்கிவிட்டது. ஒலிவெளியீட்டை மாற்றினால் முடிந்தது.

அறிகுறி: முன்வரிசையில் காது வலிக்கிறது, பின்வரிசையில் புரியவில்லை

பலர் பேசும் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மின்விசிறிகளை அன்றைக்கு ஓடப்போகும் வேகத்தில் ஓடவிட்டு, கைபேசி ஒலிமானியுடன் நடந்து பாருங்கள். படம் ஓடாதபோது கடைசி வரிசையில் விசிறிச் சத்தம் 50 டெசிபெல் காட்டினால், வசனம் அங்கே 65 ஆவது காட்ட வேண்டும். பதினைந்து டெசிபெல் மேலே நின்றால்தான் சொற்கள் புரியும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வேறுபாடு ஆறு டெசிபெல்லைத் தாண்டினால், ஒலியைக் கூட்டுவது தீர்வாகாது. ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் ஆறேழு அடிக்கு மேல் ஏற்றி, முன்வரிசையின் தலைக்கு மேலாகப் பின்பாதியை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். அப்போது முன்னால் இருப்பவருக்கு ஸ்பீக்கரின் நேர்முகம் படாது. பின்னால் இருப்பவருக்குப் படும். விசிறியை ஒரு கட்டம் குறைப்பதும் வசனத்தைக் கூட்டுவதற்குச் சமம்தான். ஏப்ரல் மாதத்தில் அதை முயல வேண்டாம்.

அளவுகளை வைக்கும் வரிசையும் முக்கியம். பிளேயர் 100 விழுக்காட்டிலும், மடிக்கணினி எண்பது, தொண்ணூறிலும் இருக்கட்டும். படத்தின் மிக உரத்த காட்சியைப் போட்டு, மிக்சரில் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு அந்தச் சேனலின் கெயினை வைத்துவிட்டு, பிறகுதான் மாஸ்டரைத் தொடுங்கள். வி.எல்.சி.யை 125க்கு ஏற்றினால் ஒலி உடையும். அந்த உடைசலை மிக்சரில் திருத்த முடியாது. வசனம் மந்தமாக முழங்கினால் சேனலின் பேஸ் திருகைக் குறையுங்கள். வெற்று அரங்கில் எதிரொலி மிகுந்து கேட்டால் பதற வேண்டாம்; நூறு பேர் உட்கார்ந்ததும் அவர்களே ஒலியை உறிஞ்சிவிடுவார்கள். அதே காரணத்தால் அன்றைக்கு மாஸ்டரை இரண்டு, மூன்று டெசிபெல் கூட்ட இடம் வைத்திருங்கள்.

விடாத ‘ங்ங்’ என்ற ரீங்காரம் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், மடிக்கணினிக்கும் மிக்சருக்கும் வெவ்வேறு இடங்களிலிருந்து எர்த் வருகிறது. இரண்டையும் ஒரே ஸ்விட்ச் பலகையிலிருந்து எடுங்கள். எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது. யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி வந்தால் இடையில் புளூடூத் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேபிளுக்கு மாறுங்கள்.

அறிகுறி: தொடக்கத்தில் பொருந்திய சப்டைட்டில், போகப்போக விலகுகிறது

முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்ப்பவர்களிடம் இது சிக்காது. படத்தின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் சோதியுங்கள். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் அது நிலையான பிசகு, வி.எல்.சி.யில் G, H விசைகளும், mpv-இல் z, Z விசைகளும் அதைத் தீர்க்கும். விலகல் கூடிக்கொண்டே போனால், சப்டைட்டில் நொடிக்கு 25 சட்டகம் ஓடும் பிரதிக்கும், படம் 23.976 சட்டகம் ஓடும் பிரதிக்கும் உரியவை. இரண்டுக்கும் சுமார் நான்கு விழுக்காடு வேறுபாடு. ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிவிடும். விசையை அழுத்தி இதைத் துரத்த முடியாது. Subtitle Edit போன்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து, சட்டக வேகத்தை 25இலிருந்து 23.976க்கு மாற்றிச் சேமியுங்கள். மாற்றியபின் கடைசி வசனம் சரியாகப் பொருந்தினால் முழுதும் பொருந்தும்.

அறிகுறி: நடுவில் புரொஜெக்டர் அணைந்துவிடுகிறது

TEMP என்ற விளக்கு எரிந்தால் சூடு. காற்று வடிகட்டியைக் கழற்றி, தூசியைத் தட்டி, காற்று வெளியேறும் பக்கத்தைத் திரைச்சீலையோ சுவரோ அடைக்காமல் பாருங்கள். இது பெரும்பாலும் ஒரு மணி நேரம் கழித்தே வரும் என்பதால், சோதனை நாளில் படத்தின் முழு நீளத்துக்கும் புரொஜெக்டரை ஓடவிட்டே ஆக வேண்டும்.

மின்சாரம் போய் வந்தால் நிலைமை வேறு. விளக்கு வகைப் புரொஜெக்டரில் சூடான விளக்கு உடனே மீண்டும் பற்றாது. ஆறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதால் பயனில்லை. ஜெனரேட்டர் பத்து நொடியில் வந்தாலும் அரங்கம் இருட்டில் காத்திருக்கும். புரொஜெக்டரையும் மடிக்கணினியையும், புரொஜெக்டரின் வாட் அளவைத் தாங்கக்கூடிய யு.பி.எஸ். ஒன்றில் இணைத்து, சோதனை நாளிலேயே அதன் சுவர் ஸ்விட்சை அணைத்து, ஜெனரேட்டர் வரும்வரை படம் நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரை அதில் சேர்க்க வேண்டாம். ஒலி பத்து நொடி போனால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஆம்ப்ளிஃபையர் இழுக்கும் சுமையில் யு.பி.எஸ். விழுந்தால் படமும் சேர்ந்து போகும்.